நீரிழிவு பாதப் பராமரிப்புத் துண்டறிக்கை: ‘வலித்தால் வாருங்கள்’ என்ற வரி இருக்கலாமா?

வெளிநோயாளர்_செவிலி

நீரிழிவு வெளிநோயாளர் பிரிவில் கையில் கொடுத்தனுப்ப ஒரே தாளில் துண்டறிக்கை தயாரிக்கிறேன். முன்பக்கம் தினசரிச் சோதனை, பின்பக்கம் எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது. பாதம் மரத்துப்போனவர்களுக்குத்தான் முக்கியமாகக் கொடுக்கப் போகிறோம். பலருக்குப் பார்வையும் மங்கல், அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஆக, இடம் குறைவு.

இப்போதைய வரைவு இது:

முன்பக்கம்: தினமும் காலையில் பாதத்தைக் கழுவித் துடைக்கவும். புண், வெடிப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கவும். கிரீம் தடவவும். வெறுங்காலில் நடக்க வேண்டாம்.

பின்பக்கம்: வலி, வீக்கம், புண், காய்ச்சல் இருந்தால் உடனே வரவும்.

படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைப் படித்துவிட்டு ஒருவர் வீட்டில் எதைச் செய்வார் என்று யோசித்தால் தெளிவாக இல்லை. திருத்தம் சொல்லுங்கள். எதை வெட்டலாம் என்றும் சொல்லுங்கள்.

பாதப்புண்_பிரிவு

முதல் வேலையாகப் பின்பக்கத்தின் முதல் சொல்லை எடுத்துவிடுங்கள். ‘வலி’ அங்கே நிற்கும் வரை, வலிக்கவில்லை என்றால் வர வேண்டியதில்லை என்றுதான் அவர் படித்துக்கொள்வார். உணர்வு போன பாதத்தில் ஆணி ஏறினாலும் வலிக்காது. புண்ணோடு ஒரு வாரம் நடந்துவிட்டு வருகிறவர்களிடம் ஏன் தாமதம் என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றேதான்: ‘வலியே இல்லையே.’ அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: ‘வலி இல்லாவிட்டாலும் வரவும். உங்கள் பாதம் வலியைச் சொல்லாது.’

இன்னொரு பக்கமும் உண்டு. மரத்துப்போன பாதத்தில் புதிதாக வலி தொடங்கினால் அது பெரிய விஷயம். உள்ளே ஆழத்தில் சீழோ எலும்பில் பாதிப்போ இருக்கலாம். ஆகவே வலியைப் பட்டியலில் வைக்கலாம், ஆனால் கடைசியில்.

அடுத்தது நேரம். ஏன் காலையில்? இரவெல்லாம் படுத்திருந்த பாதத்தில் அழுத்தத் தடம் எதுவும் தெரியாது. மாலையில் செருப்போ ஷூவோ கழற்றும் நேரத்தில் பார்த்தால், அன்றைக்கு நடந்தது எல்லாம் பாதத்திலேயே எழுதியிருக்கும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் மறையாத தடம் இருந்தால் அந்த இடத்தில் காலணி அழுத்துகிறது என்று அர்த்தம். காலணியின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவும் அதுதான் நேரம். சாக்ஸ் போடுகிறவர்கள் அதன் உட்புறத்தையும் பார்க்கட்டும். வெள்ளையோ வெளிர் நிறமோ ஆன சாக்ஸில் ஒரு சொட்டு ஈரம், ரத்தம், மஞ்சள் கறை எதுவும் தப்பாது. பாதத்தைச் சரியாகப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்தக் கறைதான் முதல் சாட்சி.

பிறகு வரிசை. ‘புண் இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்றால் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். புண் வருகிற இடங்கள் மேலே இல்லை. நான் நான்கு நிறுத்தங்களாகப் பிரிப்பேன்.

முதல் நிறுத்தம் விரல் இடுக்கு. ஒவ்வொரு விரலையும் மெதுவாக விலக்கிப் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே. தோல் வெளுத்து ஊறிப்போய் இருந்தால் அது சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். இரண்டாவது, விரல்களின் நுனியும் மேல் கணுக்களும். நரம்பு பாதிப்பால் பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் கொக்கி போல மடங்கிவிடும். மடங்கிய கணு ஷூவின் மேல்தோலில் உரசும், நுனி தரையில் குத்தும். மூன்றாவது, விரல்களுக்கு அடியில் இருக்கும் மேடு. நடக்கும்போது அதிக அழுத்தம் வாங்குவது இதுதான். காய்ப்பு, அதற்குள் கறுப்போ சிவப்போ ஆன புள்ளி. நான்காவது, குதிகாலின் ஓரம். பித்தவெடிப்பு ஆழமாகி உள்ளே சிவந்த சதை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இரண்டு காலுக்கும் சேர்த்து மூன்று நிமிடம் போதும். உட்கார்ந்த இடம், நல்ல வெளிச்சம், மூக்குக்கண்ணாடி. கண்ணாடி போடாமல் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். அதைத் தாளிலேயே போடுங்கள்.

தணிகை_மூர்த்தி

எல்லாம் சரிதான், ஆனால் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் இவ்வளவு பயம் தேவையில்லை. தினமும் வெந்நீரில் கொஞ்சம் உப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கால் வைத்திருந்தால் ரத்த ஓட்டம் நன்றாகும், காய்ப்பும் இளகும். இளகியதைப் பிளேடால் மெல்லச் சீவிவிடலாம். துடைக்கும்போது விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், அது முக்கியம். இன்னொன்று, கால் சூடாக இருந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, குளிர்ந்தால்தான் ஆபத்து. இந்த ஒரு வரி துண்டறிக்கையில் இருந்தால் போதும், யாரும் புரிந்துகொள்வார்கள்.

பாதப்புண்_பிரிவு

விரல் இடுக்கு ஈரம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றதில் நான் மாறுபடுகிறேன்.

சர்க்கரை கட்டுப்பாடு நரம்பு பாதிப்பு வராமல் தடுக்கவும், வந்தது வேகமாக வளராமல் இருக்கவும் உதவும். ஆனால் போன உணர்வு பெரும்பாலும் திரும்பாது. போன மாதப் பரிசோதனையில் அளவு நன்றாக இருக்கிறது என்பதற்காக மரத்துப்போன பாதம் கல் குத்தியதைச் சொல்லிவிடாது.

வெந்நீரில்தான் எனக்குப் பெரிய கவலை. சூடு தெரியாத பாதத்துக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று பாதத்தால் சொல்ல முடியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும், இல்லையென்றால் நரம்பு பாதிப்பு இல்லாத ஒருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். சிலருக்குக் கைவிரலிலும் உணர்வு குறைந்திருக்கும், அதனால்தான் முழங்கை. ஊற வைப்பதே வேண்டாம், கழுவினால் போதும். நீரிழிவில் வியர்வை நரம்பும் பாதிக்கப்பட்டுப் பாதம் ஏற்கனவே வறண்டிருக்கும். ஊறி ஊறிக் காய்ந்தால் இன்னும் வறண்டு வெடிக்கும்.

பிளேடு வேண்டவே வேண்டாம். எங்கே காய்ப்பு முடிகிறது, எங்கே உயிருள்ள தோல் தொடங்குகிறது என்பதை வலிதான் சொல்லும். வலி இல்லாத இடத்தில் கை எங்கே நிற்கும்?

‘சூடு நல்லது’ என்பதற்கு இன்னும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கீழே தனியாக எழுதுகிறேன்.

மூத்தமகன்78

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, 17 வருடமாகச் சர்க்கரை. இடது கால் கட்டைவிரல் அடி மேட்டில் ஒரு கால் ஆணி. பழையதுதான். ஒரு பத்து நாளாக அதன் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியுது. வலி சுத்தமா இல்லை, தினமும் நடக்கப் போறார். கால் ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர் வாங்கி வெச்சிருக்கோம். அதை ஒட்டலாமா, எத்தனை நாள் ஒட்டணும்? துண்டறிக்கையில அதையும் போட்டா உதவியா இருக்கும்.

பாதப்புண்_பிரிவு

ஒட்டாதீர்கள். நீங்கள் ஆணியைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் விவரத்தைப் பார்த்தால் கேள்வி ஆணியைப் பற்றியது அல்ல.

காய்ப்புக்கு நடுவே கறுப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் அது காய்ந்த ரத்தம். கெட்டித்த தோல் ஒரு கூழாங்கல் போல உள்ளேயிருக்கும் மெல்லிய சதையை ஒவ்வொரு அடிக்கும் அழுத்துகிறது. அங்கே ரத்தக் கசிவு ஏற்பட்டு, திசு நசிந்து, மேல்தோல் மூடியபடியே உள்ளே புண் உருவாகிவிடும். வெளியே பார்த்தால் கடுகளவு புள்ளி, மூடியை எடுத்தால் பல மடங்கு அகலமான பள்ளம் என்பது எங்கள் பிரிவில் வாடிக்கை. வலி இல்லை என்பது இங்கே ஆறுதல் இல்லை. அந்த இடத்தில் காய்ப்பு இருந்தும் நடக்க வலிக்கவில்லை என்பதே உணர்வு போய்விட்டது என்று காட்டுகிறது.

கால் ஆணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அது கெட்ட தோல், நல்ல தோல் என்று பார்க்காது, இரண்டையும் அரிக்கும். உணர்வுள்ளவருக்கு எரியும், எடுத்துவிடுவார். உங்கள் அப்பாவுக்கு எரியாது.

இன்றே செய்ய வேண்டியது: நடைப்பயிற்சியை நிறுத்துங்கள். வீட்டுக்குள்ளும் அவசியத்துக்கு மட்டும் நடக்கட்டும். புள்ளியைக் கிள்ளவோ தோண்டவோ வேண்டாம். நாளைக்குள் பாதம் பார்க்கும் மருத்துவரிடமோ நீரிழிவுப் பிரிவிலோ காட்டுங்கள். அங்கே காய்ப்பைக் கத்தியால் அடுக்கடுக்காகச் சீவி, அடியில் திறந்த புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மழுங்கிய உலோகக் குச்சியால் ஆழம் பார்த்து எலும்பு தட்டுகிறதா என்று சோதிப்பார்கள். பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறமும் நாடி பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுக்கலாம். தினமும் போடும் காலணியைக் கையோடு எடுத்துப் போங்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அதன் உட்பாதத் தேய்மானமே காட்டிவிடும்.

மூத்தமகன்78

சரிங்க. பிளாஸ்டரைத் தூக்கிப் போட்டாச்சு. நாளைக் காலை கூட்டிட்டுப் போறேன்.

கண்ணாடி_வேண்டும்

நான் பார்வை மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே எழுதியிருப்பதெல்லாம் குனிய முடிந்தவருக்கும் கண் தெரிந்தவருக்கும் பொருந்தும். நீரிழிவில் பாதம் மரத்துப்போன அளவுக்குப் பலருக்கு விழித்திரையும் பாதிக்கப்பட்டிருக்கும், உடம்பும் பருத்திருக்கும். தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாதவருக்கு இந்தத் தாளில் என்ன இருக்கிறது?

வீட்டில் இன்னொருவர் பார்ப்பதுதான் சிறந்தது. அவர் பெயரைத் தாளிலேயே எழுத ஒரு கோடு விடுங்கள்: ‘என் பாதத்தைத் தினமும் பார்ப்பவர்: ______’. பெயர் எழுதியவர் பார்ப்பார். ‘குடும்பத்தார் உதவலாம்’ என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆள் இல்லாதவர் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் மேலே பாதத்தை நீட்டிப் பார்க்கலாம். கைபேசியைத் தரையில் கேமரா மேல்நோக்கி இருக்கும்படி வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. நேற்றைய படம் கையில் இருந்தால், இந்தப் புள்ளி புதிதா பழையதா என்ற சந்தேகம் வராது. இரண்டு வழியிலும் இருக்கும் ஒரு பிரச்சினை: விரல் இடுக்கு கண்ணாடியிலும் தெரியாது, படத்திலும் தெரியாது. மெல்லிய வெள்ளைத் துணியை ஒவ்வொரு இடுக்கிலும் மெதுவாக விட்டு எடுத்துக் கறை பார்க்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ‘சிவந்திருந்தால்’ என்று எல்லாத் துண்டறிக்கையிலும் எழுதுகிறோம். கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமை கூடியோ ஊதா சாயலிலோ தெரியும், சில சமயம் நிறமே மாறாது. அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் மூன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருக்கிறதா, தோலின் சுருக்கங்கள் மறைந்துவிட்டனவா, தொட்டால் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா.

பாதப்புண்_பிரிவு

மிகவும் தேவையான திருத்தம். ‘அதே இடத்தைவிட’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் போடுங்கள். இடது கட்டைவிரல் மேட்டை வலது கட்டைவிரல் மேட்டோடுதான் ஒப்பிட வேண்டும். விரலும் குதிகாலும் இயல்பிலேயே வேறு வேறு சூட்டில் இருக்கும். உள்ளங்கையால் பார்க்காமல் புறங்கையால் பார்க்க வேண்டும்.

இப்போது தணிகை ஐயா சொன்ன ‘சூடு நல்லது’. குளிர்ந்து வெளுத்த பாதம் ஆபத்து என்பது உண்மை. ரத்தக் குழாய் அடைப்பில் அப்படித்தான் இருக்கும். நடந்தால் கெண்டைக்காலில் வலி வந்து நின்றால் குறையும். இன்னும் முற்றினால் இரவில் படுக்கும்போது பாதத்தில் வலி வந்து, காலைத் தொங்கவிட்டால் தணியும். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, சூடான பாதம் நல்ல பாதம் என்று சொல்ல முடியாது. நரம்பு பாதிப்பு உள்ளவருக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்கலாம், அது வேறு. ஒரு கால் மட்டும் சூடாகி வீங்கினால் அதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று கிருமித்தொற்று. இன்னொன்றைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள்: சார்க்கோ பாதம்.

அதில் புண்ணே இருக்காது. உணர்வு போன பாதத்தில் ஒரு சுளுக்கோ சிறு முறிவோ ஏற்படும், சில சமயம் அவருக்கே நினைவிருக்காது. வலி இல்லாததால் அதன் மேலேயே நடப்பார். எலும்பும் மூட்டும் அழற்சியில் இளகி, நடக்க நடக்கப் பாதத்தின் நடுப்பகுதி சரிந்து, உள்வளைவு இருந்த இடத்தில் வெளிப்புடைப்பு வந்துவிடும். பிறகு அந்தப் புடைப்பின் மேலேயே புண் வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் சுளுக்கு, வாதம், தோல் தொற்று என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அந்த நேரத்தில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு எடையை இறக்கினால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். ஆறு வாரம் நடந்த பிறகு வந்தால் சரிந்ததைப் பழையபடி நிமிர்த்துவது கடினம்.

துண்டறிக்கையில் நோயின் பெயர் வேண்டாம். ஒரே வரி: ‘புண் இல்லாமலேயே ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினால் நடப்பதை நிறுத்தி, அன்றே வரவும்.’

தணிகை_மூர்த்தி

இந்த நோய் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு கால் மட்டும் என்ற வித்தியாசம் புரிந்தது. வெந்நீர் விஷயத்தில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் என்றால்கூட ஆகாதா என்று கேட்க நினைக்கிறேன். பலர் பல வருடமாகச் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

பாதப்புண்_பிரிவு

37 டிகிரிக்குக் கீழே ஐந்து நிமிடம் என்றால் அது கழுவுவதுதான், அதற்கு நான் தடை சொல்லவில்லை. துண்டறிக்கையில் ‘ஊற வைக்கலாம்’ என்ற சொல் வந்தால் நேரத்தையும் சூட்டையும் யாரும் அளக்க மாட்டார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கள_சுகாதாரம்

விரல் தொடு சோதனையைச் சேர்க்கலாமே? கருவி எதுவும் வேண்டாம். அவர் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரலால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இறகு பட்டது போல ஓரிரு விநாடி தொட வேண்டும். இரண்டு காலிலும் மொத்தம் ஆறு இடம். தொட்டதும் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காப்பு உணர்வு குறைந்திருக்கிறது. இதையும் தினசரிச் சோதனையில் போட்டுவிட்டால் முழுமையாகிவிடும்.

பாதப்புண்_பிரிவு

சோதனை நல்லது, செய்முறையும் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆனால் தினமும் எதற்கு? உணர்வு ஒரு நாளில் போவதில்லை. மரத்துப்போனது என்று ஏற்கனவே தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தாள். அவர்களிடம் தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னால், ‘இன்றைக்கு இரண்டு இடம் தெரிந்தது’ என்று மகிழ்ந்து செருப்பில்லாமல் நடந்துவிடுவார்கள். உணர்வு இன்னும் உள்ளவர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனைக்கு நடுவே செய்து பார்க்க வேறொரு தாளில் போடலாம்.

கள_சுகாதாரம்

எனக்கு முழுதாக உடன்பாடு இல்லை. தொடு சோதனை செய்தால்தான் பாதம் மரத்துவிட்டது என்பதையே பலர் நம்புகிறார்கள். நாம் சொல்வதைவிட, மனைவி தொட்டது தெரியவில்லை என்பது மனதில் பதியும். தினமும் வேண்டாம், ஆனால் தாளைக் கொடுக்கும் அன்று எங்கள் முன்னிலையில் ஒரு முறை செய்யவைக்கலாம்.

வெளிநோயாளர்_செவிலி

அது நடக்கக்கூடியது. கொடுக்கும்போது செய்து காட்டுகிறோம், தாளில் அச்சிடவில்லை.

அடுத்த சந்தேகம் பின்பக்கம். ‘உடனே வரவும்’ என்று எல்லாவற்றுக்கும் போட்டால் யாரும் எதற்கும் வருவதில்லை. பித்தவெடிப்புக்கும் கறுத்த விரலுக்கும் ஒரே ‘உடனே’ எப்படிப் பொருந்தும்?

பாதப்புண்_பிரிவு

நேரத்தை வைத்துப் பிரியுங்கள். நான் இரண்டே அடுக்கு வைப்பேன்.

மேல் அடுக்கு, இந்த மணி நேரமே அவசரப் பிரிவு, இரவானாலும் சரி: தோலோ விரலோ கறுத்துவிட்டது, பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்துவிட்டது, புண்ணில் நாற்றமோ சீழோ வருகிறது, சிவப்போ வீக்கமோ புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் பரவியிருக்கிறது; புண்ணோடு காய்ச்சலோ நடுக்கமோ வாந்தியோ இருக்கிறது.

கீழ் அடுக்கு, இன்றோ நாளையோ, அடுத்த வேலைநாளைத் தாண்டக் கூடாது: எவ்வளவு சிறிதானாலும் புதிய புண், கொப்புளம், காய்ப்புக்குள் ரத்தப் புள்ளி, சிவந்த சதை தெரியும் வெடிப்பு, நக ஓரத்தில் வீக்கம், சாக்ஸில் கறை. புண் இல்லாமல் ஒரு கால் சூடாக வீங்கினால் அது அன்றைக்கே.

காய்ச்சலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதத்தில் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராதவர்கள் நிறைய. ‘காய்ச்சல் இல்லையே’ என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் சர்க்கரை பார்க்கிறவர்களுக்கு, சாப்பாடும் மருந்தும் மாறாமல் அளவு மட்டும் காரணமில்லாமல் ஏறினால் பாதத்தை மறுபடி கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். தொற்று சில சமயம் முதலில் அங்கேதான் தெரியும்.

2 செ.மீ. என்று போட்டால் அளக்கத் தெரிய வேண்டும். தாளின் ஓரத்திலேயே 2 செ.மீ. கோடு ஒன்று அச்சிடுங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் கோடு தாண்டுகிறதா என்று வீட்டில் காத்திருந்து பார்ப்பதற்கு அல்ல. வழியிலும் வரிசையிலும் ஆகும் நேரத்தில் எவ்வளவு பரவியது என்று மருத்துவர் தெரிந்துகொள்வதற்கு.

கண்ணாடி_வேண்டும்

வரும் வரை வீட்டில் என்ன செய்வது? அதுதான் காலியாக இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது, ஸ்பிரிட் தேய்ப்பது, கிடைத்த களிம்பைப் பூசுவது எல்லாம் நடக்கிறது.

பாதப்புண்_பிரிவு

நான்கு வரி போதும். சுத்தமான ஓடும் நீரிலோ சலைன் நீரிலோ கழுவவும். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, ஒட்டாத மலட்டுக் கட்டுத்துணியால் மூடவும். வேறு எதையும் பூச வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். அந்தக் காலில் எடை வைக்க வேண்டாம்.

பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு ஆறவேண்டிய புதுத் திசுவையும் சேர்த்து எரிக்கும். நிறமுள்ள மருந்து பூசிவிட்டால் சிவப்பு பரவியது எது, மருந்துக் கறை எது என்று எங்களுக்கும் தெரியாது. ஒட்டும் பிளாஸ்டரைத் தோலில் நேரடியாக ஒட்டினால் உரிக்கும்போது வறண்ட தோலும் கூடவே வரும். துணிச்சுற்றை லேசாகச் சுற்றி, பசையைத் துணியின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

கடைசி வரிதான் கடினம். எடை வைக்காதே என்றால் கழிவறைக்குப் போவது எப்படி? ஊன்றுகோல், சக்கர நாற்காலி, அதுவும் இல்லையென்றால் குறைந்த அடிகள். வலிக்காத காலை ஊன்றாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் நினைவு வேண்டும். மனிதர்களுக்கு அது எளிதல்ல.

அளவுக்கருவி

தொடுவதற்குப் பதில் அகச்சிவப்பு வெப்பமானி கொடுத்தால் என்ன? இரண்டு காலிலும் ஒரே இடத்தில் அளந்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்துவிட்டு வர வேண்டும். புண் வரும் முன்பே பிடித்துவிடலாம். ஏற்கனவே புண் வந்து ஆறியவர்களுக்காவது இது கட்டாயம் வேண்டும் என்பேன். ஆறியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது.

பாதப்புண்_பிரிவு

அந்த 2.2 அளவு ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டதுதான், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வழிகாட்டு நெறிகளும் இதைப் பரிசீலிக்கச் சொல்கின்றன. நடைமுறையில் எனக்கு இரண்டு தயக்கம். ஒரு கால் வெயில்பட்ட இடத்திலோ போர்வைக்குள்ளோ இருந்தாலே எண் மாறிவிடும். சாக்ஸ் கழற்றிச் சிறிது நேரம் இரண்டு காலும் ஒரே மாதிரி காற்றில் இருந்த பிறகுதான் அளக்க வேண்டும். மற்றொன்று, ஒரு கால் ஏற்கனவே எடுக்கப்பட்டவருக்கு ஒப்பிட எதிர்க்கால் இல்லை. தேர்ந்தெடுத்த சிலருக்குக் கொடுக்கலாம். எல்லாருக்குமான தாளில் வேண்டாம் என்பது என் கருத்து.

அளவுக்கருவி

தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்று சொன்னாலே யாருக்கும் கொடுக்காமல் போய்விடும். பின்பக்கத்தில் ஒரு சிறு கட்டமாவது விடுங்கள்.

மூத்தமகன்78

அப்பாவைக் காட்டிட்டு வந்தோம். காய்ப்பைச் சீவினதும் அடியில புண் இருந்தது, கிட்டத்தட்ட ஒரு செ.மீ. அகலம். எலும்பு தட்டலைன்னு சொன்னாங்க, எக்ஸ்ரேயும் சரி, நாடியும் நல்லா இருக்கு. தொற்று இல்லாததால மாத்திரை எதுவும் எழுதலை, அதுதான் எங்களுக்குப் புரியலை. கழற்ற முடியாத மாவுக்கட்டு சொன்னாங்க, அப்பா ஒத்துக்கலை. கழற்றிப் போடுற பூட்ஸ் மாதிரி ஒண்ணு கொடுத்திருக்காங்க. பகல்ல போடுறார். ராத்திரி பாத்ரூம் போகும்போது நாலு அடிதானேன்னு வெறும் காலோட போயிடறார்.

பாதப்புண்_பிரிவு

நல்ல நேரத்தில் போயிருக்கிறீர்கள். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அது சீக்கிரம் ஆறிவிடாது, அதனால் எழுதாததில் தவறில்லை. இந்தப் புண்ணுக்கு மருந்தே எடையை இறக்குவதுதான். மாவுக்கட்டை முதலில் சொன்னதற்கும் காரணம் அதுவே: கழற்ற முடியாததால் அந்த நாலு அடியும் காப்பாகவே நடக்கும். இரவில் ஒவ்வொரு தடவையும் அந்த நாலு அடி போகவர எட்டாகி, புண் நேற்றுப் போட்ட மெல்லிய தோலை உடைத்துவிடும்.

பூட்ஸைக் கட்டிலுக்குக் கீழே வைக்காமல், கால் இறங்கும் இடத்திலேயே, பட்டைகளைத் திறந்தபடி வையுங்கள். படுக்கை அருகே சிறுநீர்க் கலம் வைக்க அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. பூட்ஸ் உயரத்தால் இரண்டு காலும் சமமில்லாமல் தடுமாறுவார், மற்றக் காலுக்கு அதே உயரத்தில் காலணி கேளுங்கள். இரண்டு வாரத்தில் புண் சுருங்கவில்லை என்றால் மாவுக்கட்டுப் பேச்சை மறுபடி எடுங்கள். மற்றக் காலையும் தினமும் பாருங்கள். எடை இப்போது அங்கேதான் விழுகிறது.

மூத்தமகன்78

கலம் வேண்டாம்னு சொல்லுவார், பூட்ஸை நான் வெச்சுப் பார்க்கிறேன்.

வெளிநோயாளர்_செவிலி

திருத்திய வரைவு:

முன்பக்கம். மாலையில், காலணி கழற்றியதும், கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் உட்காரவும். விரல் இடுக்கு, விரல் நுனியும் கணுவும், விரலடி மேடு, குதிகால் ஓரம் என்ற வரிசையில் பார்க்கவும். பிறகு புறங்கையால் இரண்டு காலிலும் அதே இடங்களைத் தொட்டுச் சூட்டை ஒப்பிடவும். காலணிக்குள் கைவிட்டுத் தடவவும். நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துக் கழுவவும், இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்கவும், இடுக்கைத் தவிர மற்ற இடங்களில் கிரீம் தடவவும். வீட்டுக்குள்ளும் காலணி. பிளேடு, ஆணி பிளாஸ்டர், ஒத்தடம் வேண்டாம். என் பாதத்தைப் பார்ப்பவர்: ______.

பின்பக்கம். மேலே பெரிய எழுத்தில், ‘வலி இல்லாவிட்டாலும் வரவும். உங்கள் பாதம் வலியைச் சொல்லாது.’ அதன் கீழே நேரப்படி இரண்டு அடுக்கு, ஓரத்தில் 2 செ.மீ. கோடு, வரும் வரை செய்ய வேண்டிய நான்கு வரி, தொலைபேசி எண்.

வெப்பமானிக் கட்டத்துக்கு இடம் இருக்கிறது, இன்னும் முடிவு செய்யவில்லை. நகம் வெட்டுவதை நான் விட்டிருக்கிறேன். நேராக வெட்ட வேண்டும் என்று எழுதலாம், ஆனால் பார்வை மங்கலானவர் கையில் நகவெட்டியைக் கொடுப்பது போல ஆகிவிடுமோ?

கண்ணாடி_வேண்டும்

ஆகும். ‘நகத்தை உங்கள் பாதத்தைப் பார்ப்பவர் வெட்டட்டும், நேராக, ஓரங்களைத் தோண்டாமல், தடித்த நகம் என்றால் எங்களிடம் வரவும்’ என்று பெயர் எழுதும் கோட்டுக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.